ஆறு நிமிடத்தில் ஓர் ஆட்டம்

உள்ளூர் டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டின் இறுதி ஆட்டம் பெரும்பாலும் எட்டு ஓவர்தான். இரண்டு இன்னிங்ஸுக்கும் சேர்த்து 96 பந்துகள். வைடும் நோ பாலும் சேர்ந்தால் நூறைத் தாண்டும். மைதானத்தில் இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆட்டத்தின் சிறப்புக் காட்சித் தொகுப்போ ஆறு நிமிடம் ஓடும். அந்த ஆறு நிமிடத்தில் சில காட்சிகள் நடந்த வேகத்திலேயே வரும், சில ஐந்து மடங்கு மெதுவாக வரும், எண்பது பந்துகள் வராமலே போகும். திரையின் மூலையில் ஒரு ஸ்கோர் பலகை இருக்கும். பின்னணியில் ஒரு வர்ணனைக் குரல் கேட்கும்.

படம், ஸ்கோர், ஒலி ஆகிய மூன்றும் தனித்தனியாகப் பதிவாகின்றன. படம் கேமராவின் பிரேம் கணக்கில் ஓடுகிறது. ஸ்கோர் பந்துக் கணக்கில் நகர்கிறது. ஒலி காற்றில் பயணம் செய்து சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. தொகுப்பவரின் வேலை இந்த மூன்று கடிகாரங்களையும் ஒன்றோடொன்று பொருத்துவது. தொகுப்பில் தென்படும் குறைகளில் பெரும்பாலானவை, இந்தப் பொருத்தம் ஏதோ ஓரிடத்தில் தவறியதால் வருபவை.

இரண்டு கேமராக்கள், இரண்டு வேலைகள்

ஒரே கேமராவை வைத்தும் தொகுப்பு செய்யலாம். ஆனால் மெதுவான ரீப்ளே பயனுள்ளதாக இருக்க வேண்டுமானால் இரண்டு தேவை. முதல் கேமரா பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னால், எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஆள் உயரத்துக்கு மேலான ஒரு மேடையில் நிற்கும். பந்துவீச்சாளரின் ஓட்டம், மட்டையாளர், விக்கெட் கீப்பர் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும் இடம் அதுதான். இந்தக் கேமரா முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை நிற்காமல் ஓடும். நொடிக்கு 50 பிரேம் இதற்குப் போதும்.

இரண்டாவது கேமரா ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில், ஒரு முனையின் கிரீஸ் கோட்டின் நேர் நீட்சியில் நிற்கும். ரன் அவுட், ஸ்டம்பிங், மட்டையில் பந்து படும் கணம் ஆகியவை இதன் பொறுப்பு. பல கைபேசிகளில் உள்ள நொடிக்கு 240 பிரேம் பதிவு இங்கேதான் பயன்படுகிறது. இதை நிற்காமல் ஓடவிட்டால் கைபேசி சூடாகித் தானே நின்றுவிடும், நினைவகமும் நிரம்பிவிடும். எனவே ஒவ்வொரு பந்துக்கும் ஓட்டம் தொடங்கும்போது பதிவைத் தொடங்கி, பந்து முடிந்ததும் நிறுத்துவார்கள். வெயிலில் கைபேசிக்கு மேல் ஒரு அட்டை நிழல் போதுமான காவல்.

ஒரு கேமராவால் ஒரு முனையின் கோட்டைத்தான் காவல் காக்க முடியும். மறுமுனையில் நடக்கும் ரன் அவுட்டுக்கு முதல் கேமராவின் படம் மட்டுமே மிஞ்சும். அதை வைத்து நுணுக்கமாக எதையும் நிறுவ முடியாது.

பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவே

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. நொடிக்கு 50 பிரேம் எடுக்கும் கேமராவில், ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து 56 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். டென்னிஸ் பந்தின் விட்டமோ 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதாவது பந்து தன் அளவைப் போல எட்டு மடங்கு தூரத்தைத் தாண்டிக் குதிக்கிறது. மட்டை பந்தைத் தொட்ட கணம் அந்தக் குதிப்புக்கு நடுவே விழுந்திருந்தால், அது எந்தப் பிரேமிலும் இருக்காது. 240 பிரேமில் அதே பந்து 12 சென்டிமீட்டர்தான் நகரும்.

பிரேம் எண்ணிக்கையோடு ஷட்டர் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரேம் எண்ணிக்கை, எத்தனை முறை படம் எடுக்கப்படுகிறது என்பது. ஷட்டர் நேரம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஒளி உள்ளே விடப்படுகிறது என்பது. 50 பிரேம் பதிவில் ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால், பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் பந்து 56 சென்டிமீட்டர் நீளமுள்ள மங்கிய கோடாகப் பதியும். 1/1000 நொடி என்றால் அந்த இழுப்பு 3 சென்டிமீட்டருக்குள் அடங்கி, பந்து பந்தாகத் தெரியும். பகல் வெயிலில் 1/1000, 1/2000 எல்லாம் எளிது. கைபேசியின் தானியங்கி அமைப்பு இதைத் தானாகச் செய்யும் என்று நம்ப முடியாது. மேகம் மறைத்ததும் அது ஷட்டர் நேரத்தை நீட்டிவிடும். எனவே ஷட்டரைக் கையால் நிறுத்தி வைப்பது வழக்கம்.

சாதாரணப் பதிவை மெதுவாக்கினால் ரீப்ளே கிடைத்துவிடும் என்று நினைப்பது பொதுவான தவறு. 50 பிரேம் பதிவை ஐந்து மடங்கு மெதுவாக்கினால் நொடிக்குப் பத்துப் படங்களே மிஞ்சும்; காட்சி தத்தித் தத்தி நகரும். இதைச் சரிசெய்யச் சில மென்பொருள்கள் இரண்டு பிரேம்களுக்கு நடுவே புதுப் பிரேம்களைக் கணித்து வரையும். மெல்ல நடக்கும் மனிதருக்கு அது பொருந்தும். ஆனால் தன் அளவைப் போல எட்டு மடங்கு குதிக்கும் பந்தை, முன் பிரேமில் இருந்த அதே பந்துதான் என்று அந்த மென்பொருளால் இனம்காண இயலாது. பந்து மறையும், அல்லது இரண்டாகத் தெரியும். மட்டையின் விளிம்பு உருகியது போல வளையும். அப்படி வரையப்பட்ட பிரேமில் தெரிவது மைதானத்தில் நடக்காத ஒன்று. ரன் அவுட்டைக் காட்ட அதைப் பயன்படுத்துவது பார்வையாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

உண்மையான 240 பிரேம் பதிவு கையில் இருந்தால் வேலை எளிது. தொகுப்பு 50 பிரேமில் ஓடுகிறது என்றால், 240-ஐ 50-ஆல் வகுக்க 4.8 வரும். அந்த அளவுக்கு நீட்டினால் எடுத்த பிரேம் ஒவ்வொன்றும் சரியாக ஒருமுறை திரையில் வரும்; எதையும் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

```
ffmpeg -i runout.mp4 -an -vf "setpts=4.8*PTS,fps=50" runout_slow.mp4
```

இதற்கு முன் ஒரு சோதனை தேவை. சில கைபேசிகள் 240 பிரேமில் எடுத்ததை அப்படியே வைக்கும். சில, ஏற்கெனவே மெதுவாக்கி 30 பிரேம் கோப்பாக எழுதிவிடும். இரண்டாவது வகையை மேலே உள்ள கட்டளைக்குக் கொடுத்தால் இரட்டை மெதுவாகிவிடும். கோப்பு எந்த வகை என்பதைக் கீழ்க்கண்ட கட்டளை காட்டும்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=avg_frame_rate runout.mp4
```

விடை 240-க்கு அருகில் இருந்தால் முதல் வகை. 30-க்கு அருகில் இருந்தால் இரண்டாவது. இன்னொரு ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும்: கைபேசி உண்மையிலேயே 240 படம் எடுத்ததா, குறைவாக எடுத்து நிரப்பியதா? பந்து பறக்கும் பகுதியை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு அடியிலும் பந்து சம தூரம் நகர்ந்தால் பதிவு உண்மையானது. ஒரு அடி நின்று மறு அடி குதித்தால் அது நிரப்பப்பட்டது.

இரவு விளக்கின் துடிப்பு

மின்னொளியில் நடக்கும் ஆட்டத்தில் வேறொரு சிக்கல் வருகிறது. இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறிப் பாய்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்தைத் தொடுவதால், மைதான விளக்குகள் பல நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. 240 பிரேம் கேமரா ஒரு துடிப்புக்குள் 2.4 பிரேம் எடுத்துவிடுவதால், ஒரு பிரேம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் பதிகிறது. அதை மெதுவாக்கி ஓட்டினால் திரை முழுதும் நொடிக்கு இருபது முறைக்கு மேல் மினுங்கும்.

முதன்மைக் கேமராவில் இதைத் தவிர்க்க வழி உண்டு. நொடிக்கு 50 பிரேம், ஷட்டர் 1/100 நொடி என்று வைத்தால், ஒவ்வொரு பிரேமும் விளக்கின் ஒரு முழுத் துடிப்பை விழுங்கும். எல்லாப் பிரேமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். இதே காரணத்தால்தான் கைபேசியில் வழக்கமாக இருக்கும் 60 பிரேமை இரவு ஆட்டத்துக்கு 50-ஆக மாற்றுகிறார்கள். மெதுவான பதிவுக்கு நொடிக்கு 100 பிரேம் தரும் கேமரா கிடைத்தால், ஷட்டரை ஏறத்தாழ முழு நேரமும் திறந்து வைத்து அதே பயனைப் பெறலாம். விலையாகப் பந்தின் இழுப்பு கூடும். ஆகவே இரவு ஆட்டத்தின் ரீப்ளே பகல் ஆட்டத்தினுடையதைப் போலக் கூர்மையாக வராது. அது கருவி இயக்குபவரின் குறை அன்று.

எந்தப் பந்தைச் சேர்ப்பது

மாலை வெயிலில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலில் ஆடிய அணி 5 விக்கெட்டுக்கு 71 எடுத்தது. இரண்டாவது அணி 72-ஐத் துரத்தி, 7 விக்கெட்டுக்கு 70 எடுத்து, கடைசிப் பந்தில் ரன் அவுட் ஆகி ஒரு ரன்னில் தோற்றது.

ஆறு நிமிடம் என்பது 360 நொடி. தொடக்க அட்டை, இடைவேளை அட்டை, முடிவு அட்டை ஆகியவற்றுக்கு 40 நொடி போக, 320 மிஞ்சும். ஆறு ரீப்ளேக்கு எட்டெட்டு நொடி வீதம் 48 போக 272. ஒரு பந்துக்கு 12 நொடி என்றால் 22 பந்துகளுக்கு இடம் உண்டு. அதில் 12 விக்கெட்டுகள் தாமாகவே இடம்பிடித்துவிடும். மீதிப் பத்து இடத்தையும் சிக்ஸர்களால் நிரப்பத் தோன்றும். ஆட்டத்தின் போக்கு எங்கே திரும்பியது என்பதை அது காட்டாமல் போகலாம்.

இந்த ஆட்டத்தில் ஐந்து ஓவர் முடிவில் துரத்தும் அணி 3 விக்கெட்டுக்கு 41. மூன்று ஓவரில் 31 தேவை. ஓவருக்குப் பத்துக்குச் சற்று மேல். ஆறாவது ஓவரில் மூன்றே ரன்கள். தேவை ஒரேயடியாக ஓவருக்கு 14 ஆனது. ஏழாவது ஓவரில் மட்டையாளர்கள் எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்கக் கிளம்பி 18 ரன் சேர்த்தது அதனால்தான். ஏழாவது ஓவரின் சிக்ஸர்களை மட்டும் காட்டினால், அவர்கள் ஏன் அப்படி ஆடினார்கள் என்பது பார்ப்பவருக்குப் புரியாது. ஆறாவது ஓவரில் மட்டையைத் தாண்டிச் சென்ற இரண்டு பந்துகளை, பலகையில் தேவை 10-லிருந்து 14-க்கு ஏறுவதோடு சேர்த்துக் காட்டினால், அடுத்து வரும் சிக்ஸர்களுக்குப் பொருள் வந்துவிடும். தேர்வுக்கு நல்ல அளவுகோல், அந்தப் பந்துக்கு முன்னும் பின்னும் தேவை எவ்வளவு மாறியது என்பதே.

இந்த 22 பந்துகளை ஒன்றரை மணி நேரப் பதிவில் தேடிப் பிடிக்க ஸ்கோரர் எழுதும் தாள் உதவும். ஒவ்வொரு பந்துக்கும் எதிரே கடிகார நேரத்தையும் அவர் குறித்துக்கொண்டால் தேடல் சில நிமிடத்தில் முடியும். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கேமராக்களும் ஸ்கோரரின் கடிகாரத்தை ஒருமுறை படம்பிடித்துவிட்டால், தாளின் நேரத்தைக் கோப்பின் நேரமாக மாற்ற ஒரு கழித்தல் போதும்.

வெட்டும் இடமும் முக்கியம். பந்துவீச்சாளர் பந்தை விடுவதற்கு இரண்டு நொடி முன்பு காட்சி தொடங்க வேண்டும். அவரது கடைசி எட்டுகள் தெரிந்தால்தான் பந்தின் வேகம் மனத்தில் பதியும். முடிவு தெரிந்த பிறகும் இரண்டு நொடி ஓட வேண்டும். நடுவரின் கை உயர்வது அந்த இடைவெளியில்தான்.

பலகையில் புள்ளி என்ன சொல்கிறது

ஸ்கோர் பலகையில் அடிக்கடி நேரும் பிழை கணக்குப் பிழை. 4.3 ஓவர் என்பது நான்கரைக்குக் குறைவான ஓர் எண் போலத் தோன்றும். உண்மையில் அது நான்கு ஓவரும் மூன்று பந்தும், அதாவது 27 பந்துகள். எடுத்துக்காட்டு ஆட்டத்தில் துரத்தும் அணி 4.3 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 38 எடுத்திருந்தது. விரிதாளில் 38-ஐ 4.3-ஆல் வகுத்தால் 8.84 வரும். சரியான வழி 38-ஐ 27-ஆல் வகுத்து ஆறால் பெருக்குவது, விடை 8.44.

தேவை விகிதத்திலும் இதே பிழை வேறு உருவில் வரும். எட்டிலிருந்து 4.3-ஐக் கழித்து மீதி 3.7 ஓவர் என்று கொண்டால், 34 ரன்னுக்கு ஓவருக்கு 9.19 என்று வரும். ஓவரில் ஏழாவது பந்து கிடையாது. மீதி 3.3 ஓவர், அதாவது 21 பந்து, தேவை 9.71. அரை ரன் வித்தியாசம் எட்டு ஓவர் ஆட்டத்தில் சிறியதன்று. எனவே பலகைக்கான தரவில் எல்லாவற்றையும் பந்து எண்ணிக்கையாகவே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் ஓவராக மாற்றுவது பாதுகாப்பானது. வைடும் நோ பாலும் ரன்னைக் கூட்டும், பந்து எண்ணிக்கையைக் கூட்டா. அதனால் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே ஓவர் எண் வருவது பிழையாகாது.

பலகை மாறும் கணமும் கவனிக்க வேண்டியது. காட்சி தொடங்கும்போதே புதிய ஸ்கோர் தெரிந்துவிட்டால், பந்து வீசப்படும் முன்பே முடிவு அம்பலமாகிவிடும். பந்து வருவதற்கு முந்தைய ஸ்கோரே பந்து முடியும் வரை நிற்க வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகோ, நடுவர் சைகை காட்டிய பிறகோ மாற வேண்டும். ரீப்ளே ஓடும்போது ஸ்கோரை மறைத்துவிட்டு, மூலையில் ‘ரீப்ளே’ என்ற சொல்லை மட்டும் நிறுத்துவார்கள். இல்லையென்றால் ஒரே சிக்ஸரை இரண்டாகப் பார்ப்பவர் எண்ணிவிடுவார்.

ஆட்டக்காரர்களின் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒரு தனிச் சிக்கல் எழும். கணினியில் ‘செ’ என்பது முதலில் ச, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வரைவது எழுத்துருவை அடுக்கும் நிரலின் வேலை. அந்த வசதி இல்லாத மென்பொருளில் கொம்பு ச-வுக்குப் பின்னால் நின்றுவிடும். ‘செல்வம்’ என்ற பெயரில் கொம்பு ல-வுக்குச் சொந்தமானது போலத் தோன்றும். ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டியிருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். வசன வரிகளை வரையும் `libass` போன்ற நிரல்கள் இதைச் சரியாகச் செய்கின்றன. எந்த மென்பொருளானாலும், ‘செ, கொ, கோ, கௌ, ஸ்ரீ’ என்று ஒரு வரியை முதலில் எழுதிப் பார்த்துவிட்டால் ஐந்து நொடியில் ஐயம் தீரும்.

எண்களுக்கு எல்லா இலக்கமும் ஒரே அகலமுள்ள எழுத்துரு வேண்டும். அப்படி இல்லாவிட்டால் 41 என்பது 44 ஆகும்போது பலகை முழுதும் ஒரு நூலளவு இடம்பெயர்ந்து, கண்ணை ஆட்டத்திலிருந்து இழுக்கும்.

கடைசிப் பந்து

கிரிக்கெட்டில் நடுவருக்கு உதவியாக ரீப்ளே முதன்முதலில் பயன்பட்டது 1992 நவம்பரில், டர்பனில் நடந்த இந்தியா, தென்னாப்பிரிக்கா டெஸ்ட் ஆட்டத்தில். அதில் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து ரன் அவுட் என அறிவிக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் சச்சின் டெண்டுல்கர். அன்றும் இன்றும் கேள்வி ஒன்றே: விக்கெட் விழுந்த கணத்தில் மட்டை எங்கே இருந்தது?

விதிப்படி, குறைந்தது ஒரு பெயிலாவது ஸ்டம்பின் உச்சியை விட்டு முழுதாக விலகும் கணமே விக்கெட் விழுந்த கணம். ஒரு முனை எழும்பி மறுமுனை பள்ளத்தில் இருந்தால் போதாது. மட்டையாளர் காப்பாற்றப்பட, மட்டையோ உடலின் ஒரு பகுதியோ கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் தரையைத் தொட்டிருக்க வேண்டும். கோட்டின் மேல் இருப்பது போதாது.

எடுத்துக்காட்டு ஆட்டத்தில் கடைசிப் பந்துக்கு முன் ஸ்கோர் 6 விக்கெட்டுக்கு 69. மூன்று ரன் எடுத்தால் வெற்றி, இரண்டு எடுத்தால் சமன். லெக் பக்கம் தட்டிவிட்டு முதல் ரன் முடிந்தது. இரண்டாவதற்கு ஓடி வந்தவர் கேமரா இருந்த முனையில் விழுந்து மட்டையை நீட்டினார். அவர் வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்று கொண்டால், 240 பிரேம் பதிவில் ஒரு பிரேமுக்கு மட்டை 2.5 சென்டிமீட்டர் நகரும். 212-வது பிரேமில் பெயிலின் ஒரு முனை எழும்பியிருக்கிறது, மறுமுனை இன்னும் ஸ்டம்பைத் தொடுகிறது. 213-வது பிரேமில் இரண்டு முனையும் காற்றில். அந்தப் பிரேமில் மட்டையின் நுனி கோட்டுக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. பெயில் விலகிய கணம் இந்த இரண்டு பிரேமுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. அது எங்கே இருந்தாலும் மட்டை அப்போது இன்னும் தொலைவில்தான் இருந்திருக்கும். ஆகவே அவுட் என்பது உறுதி.

இதே காட்சியை 50 பிரேமில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரேமுக்குப் பிரேம் மட்டை 12 சென்டிமீட்டர் நகரும். ஒரு பிரேமில் பெயில் ஸ்டம்பின் மேல், மட்டை 9 சென்டிமீட்டர் வெளியே. அடுத்த பிரேமில் பெயில் காற்றில், மட்டை 3 சென்டிமீட்டர் உள்ளே. எது முதலில் நடந்தது என்று சொல்ல அந்தப் படத்தில் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ரீப்ளேயில் ஒரு பிரேமை நிறுத்திக் காட்டுவது, இல்லாத சான்றைக் காட்டுவதாகும். அங்கே நடுவரின் தீர்ப்பை மட்டும் காட்டிக் கடந்து செல்வதே முறை.

கேமரா நின்ற இடமும் கணக்கில் வரும். தரையைத் தொட்ட மட்டைக்குக் கோணம் பெரிய தொல்லை தராது. மட்டை தரைக்கு மேலே இருந்தால் ஏமாற்றும். கேமரா 40 மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில், கோட்டின் நீட்சியிலிருந்து 2 மீட்டர் விலகி நிற்கிறது என்று கொள்வோம். தரைக்கு 3 சென்டிமீட்டர் மேலே இருக்கும் மட்டை, படத்தில் 80 சென்டிமீட்டர் அப்பால் உள்ள தரையின் மேல் பொருந்தித் தெரியும். கேமரா சாய்வாக நிற்பதால் அந்த 80 சென்டிமீட்டர், கோட்டுக்குக் குறுக்கே 4 சென்டிமீட்டர் பொய்யான நகர்வாக மாறும். இரண்டு சென்டிமீட்டரில் முடிவாகும் ஆட்டத்தை இது புரட்டிப் போட்டுவிடும். ஆட்டத்துக்கு முன் கோட்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஸ்டம்பை நட்டு, ஒன்று மற்றொன்றை மறைக்கும் இடத்தில் கேமராவை நிறுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

தாமதமாக வரும் ஒலி

எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்கும் முதன்மைக் கேமரா மட்டையாளரிடமிருந்து 65 மீட்டர் தள்ளி இருக்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. மட்டையில் பந்து பட்ட ஓசை கேமராவை அடைய 0.19 நொடி ஆகும். 50 பிரேம் கணக்கில் ஒன்பது பிரேம். மைதானத்தில் இருப்பவருக்குத் தூரம் கண்ணில் தெரிவதால் இந்தத் தாமதம் இயல்பாகப் படும். திரையில் மட்டையாளரை நெருக்கமாகக் காட்டும்போது, பந்து பறந்து போன பிறகு ‘டப்’ என்று கேட்டால் பிசகு தெரிந்துவிடும். மருந்து எளிது: ஒலித் தடத்தை ஒன்பது பிரேம் முன்னே நகர்த்தினால் போதும்.

இதே காரணத்தால் இரண்டு கேமராக்களின் பதிவை ஓசையை வைத்து இணைப்பது பிழையில் முடியும். ஒன்று 65 மீட்டரிலும் மற்றொன்று 40 மீட்டரிலும் இருந்தால், ஒரே ஓசை இரண்டிலும் மூன்று, நான்கு பிரேம் இடைவெளியில் பதியும். பந்து மட்டையைத் தொடும் பிரேமை இரண்டிலும் கண்ணால் கண்டுபிடித்து இணைப்பதே சரி.

உள்ளூர் டோர்னமென்ட்டில் பெரும்பாலும் மைதானத்திலேயே ஒருவர் மைக் பிடித்து வர்ணனை செய்வார். ஓவர் இடைவேளையில் சினிமாப் பாட்டு ஒலிக்கும். இரண்டும் கேமராவின் மைக்கில் ஏறிவிடும். பிறகு காட்சியை வெட்டும்போது பாட்டு பாதியில் அறும், வர்ணனையாளர் சொல்லின் நடுவில் மாயமாவார். இணையத்தில் ஏற்றும்போது பாட்டின் உரிமைச் சிக்கலும் வரும். இதற்காகக் கேமராவை ஒலிபெருக்கிகளுக்கு எதிர்முனையில் வைப்பதோடு, ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கும் நேரத்தில் கூட்டத்தின் இரைச்சலை மட்டும் இரண்டு நிமிடம் தனியாகப் பதிந்து வைக்கிறார்கள். வெட்டுகளுக்கு அடியில் அதைத் தொடர்ச்சியாக ஓடவிட்டால், 22 துண்டுகளும் ஒரே மாலைப் பொழுதாக ஒட்டிக்கொள்ளும். ரீப்ளேக்கும் இதே இரைச்சல்தான் வேண்டும். மெதுவாக்கிய உண்மை ஒலி உறுமல் போலக் கேட்கும்.

வர்ணனையைக் காட்சிகள் முடிவாக அடுக்கப்பட்ட பிறகே பதிய வேண்டும். பிறகு ஒரு காட்சி இரண்டு நொடி குறைந்தாலும் சொற்கள் இடம் பிசகும். 12 நொடிக் காட்சியில் குரலுக்குக் கிடைப்பது ஏழெட்டு நொடி. தமிழ்ச் சொற்கள் விகுதிகளைச் சுமந்து நீள்வதால், அதில் பத்துப் பன்னிரண்டு சொல் நிதானமாக அடங்கும். பந்து மட்டையைத் தொடும் கணத்தில் குரல் ஓய்ந்திருக்க வேண்டும். அந்த ஓசைதான் காட்சியின் உயிர்.

திரையில் தெரிவதையே திரும்பச் சொல்வது அந்தப் பன்னிரண்டு சொல்லையும் வீணாக்கும். ‘தூக்கி அடிக்கிறார், பந்து எல்லையைத் தாண்டுகிறது, சிக்ஸ்’ என்பதைக் கண்ணே சொல்லிவிடுகிறது. ‘இதே ஓவரில் லாங் ஆன் ஆட்டக்காரரை உள்ளே அழைத்திருந்தார்கள்’ என்பது படத்தில் இல்லாத செய்தி. கடைசிப் பந்துக்கு இப்படி எழுதலாம்: ‘மூன்று வேண்டும். இரண்டு கிடைத்தால் சமன்.’ பிறகு ஓட்டம் முழுதும் மௌனம். ரீப்ளேயில் பெயில் எழும்பும்போது: ‘பெயில் போய்விட்டது. மட்டை இன்னும் வரவில்லை.’ அவ்வளவு போதும்.

குரல் ஓடும் இடங்களில் கூட்டத்தின் இரைச்சலை 12 டெசிபெல் அளவுக்குத் தாழ்த்தி, குரல் நின்றதும் அரை நொடியில் மெல்ல உயர்த்தினால் இரண்டும் மோதிக்கொள்ளா. முழுத் தொகுப்பின் சராசரி ஒலி அளவு மீட்டரில் −14 LUFS அருகே இருந்தால், காணொளித் தளங்களில் ஏற்றிய பிறகு ஒலி திடீரெனக் குறைந்து தெரிவதைத் தவிர்க்கலாம்.

மூன்று முறை பார்த்தல்

முடிந்த தொகுப்பை மூன்று விதமாகச் சரிபார்க்கலாம். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு, ஸ்கோர் பலகையை மட்டும் கையில் ஸ்கோரரின் தாளோடு பார்க்க வேண்டும். ஒவ்வொரு காட்சியின் தொடக்க ஸ்கோரும் தாளில் அந்தப் பந்துக்கு முந்தைய வரியோடு பொருந்த வேண்டும். கடைசிப் பந்தில் பலகை 69/6-லிருந்து 70/7-க்கு மாற வேண்டும். முடிந்த முதல் ரன் ரன் அவுட்டிலும் கணக்கில் சேரும் என்பதை மறந்து 69/7 என்று போடுவது உண்டு. அப்படிப் போட்டால் தோல்வி இரண்டு ரன்னாகிவிடும்.

இரண்டாவது முறை திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்க வேண்டும். அறுந்த பாட்டும், வெட்டில் தாவும் இரைச்சலும், மட்டை ஓசையின் மேல் ஏறிய சொல்லும் அப்போதுதான் காதில் விழும். மூன்றாவது முறை கைபேசித் திரையில், வெளிச்சமான இடத்தில் பார்க்க வேண்டும். பெரிய திரையில் படிக்க முடிந்த பலகை அங்கே படிக்க முடியாமல் போகலாம். தொகுப்பைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அந்தச் சிறிய திரைதான்.